மூன்றாம் தரம், பதினேழாம் நிலை: ஒரு சிறுகதையும் அதன் முடிவு பற்றி ஒரு கேள்வியும்

மண்முனை மகள் எழுதியது:

வணக்கம். இந்தக் கதையை நாலைந்து வருடமாக எழுதுவதும் அழிப்பதுமாக இருக்கிறேன். 2011 உயர்தரப் பெறுபேறு வந்த காலையைப் பற்றியது. தர்சினி என்ற பிள்ளை கற்பனைதான், ஆனால் அந்த வருடம் பரீட்சையை மூன்றாம் தரமாக எழுதிவிட்டு இருந்த பிள்ளைகள் எங்கள் ஊரிலேயே ஐந்தாறு பேர் இருந்தார்கள், அவர்களில் இரண்டு பேரோடு நான் ஒரே வாங்கில் இருந்து படித்தேன். முதலில் கதையை வாசியுங்கள். கேள்வி கீழே.

*

பாதை அக்கரையில் நின்றது. இந்தக் கரையில் இரண்டு மோட்டார் சைக்கிள், பால் கானோடு ஒரு கிழவர், ஒரு வெள்ளாட்டுக் குட்டி, அப்பா, தர்சினி. இரவு முழுக்கப் பெய்த மழை விட்டிருந்தது, ஆனால் வாவி இன்னும் மண்ணிறமாகத்தான் கிடந்தது. அப்பா சைக்கிளை ஸ்டாண்டில் விடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

பெறுபேறு வந்துவிட்டது என்று முந்தின இரவே மாமாவின் மகன் வந்து சொன்னான். அவனுடைய போனில் சுட்டெண்ணை அனுப்பிப் பார்த்தார்கள். பதில் வரவில்லை. திரும்ப அனுப்பினார்கள். பத்து மணி வரைக்கும் அம்மா அந்தப் போனைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்திருந்தாள். மறுகா சார்ஜ் இறங்கிப்போனது, கொக்கட்டிச்சோலைப் பக்கம் அன்றைக்குக் கரண்டும் இல்லை.

நத்தார் நாட்கள் என்றபடியால் டவுணில் கடை திறந்திருக்காது, காத்தான்குடிக்குப் போனால்தான் சரி என்று அப்பாவே முடிவெடுத்தார். மண்முனைத் துறையைக் கடந்தால் ஆரையம்பதி, அதற்கு அங்கால காத்தான்குடி. போகும் வழியில் அவர் ஒன்றும் கேட்கவில்லை. முதல் தரம் 2009-இல் நிறையக் கேட்டார், இரண்டாம் தரம் 2010-இல் "எத்தனையாம்?" என்று மட்டும் கேட்டார்.

பாதையில் ஏறியதும் தர்சினி பையைத் திறந்து பரீட்சை அனுமதி அட்டை இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. அதோடு பௌதிகவியல் குறிப்புக் கொப்பியும் இருந்தது, அதை எதற்காகக் கொண்டுவந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஜனவரி வெள்ளத்தில் நனைந்த கொப்பி. வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர் நின்ற அந்தக் கிழமையில் அரிசி மூட்டையைத்தான் எல்லோரும் முதலில் தூக்கினார்கள், கொப்பிகளைப் பற்றி யாருக்கும் ஞாபகம் வரவில்லை. தண்ணீர் வடிந்ததும் ஒவ்வொரு தாளாகப் பிரித்து உடுப்புக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தாள். நீலப் பேனையால் எழுதியது எல்லாம் ஒரு மேகம் மாதிரி பரவி, எது சமன்பாடு எது படம் என்று தெரியாமல் போயிருந்தது. ஓரங்களில் பென்சிலால் போட்ட கணக்குகள் மட்டும் எழுதினபடியே இருந்தன. பெப்ரவரியில் திரும்பவும் தண்ணீர் வந்தபோது கொப்பிகள் ஏற்கனவே கூரை வளையில் ஏறியிருந்தன, அதற்குப் பிறகு அவள் எதையும் பேனையால் எழுதவில்லை.

ஓகஸ்டில் பரீட்சை. உடம்பில் கிறீஸ் பூசிக்கொண்டு இரவில் வருகிறான் என்று ஊரெல்லாம் கிறீஸ் மனிதன் கதை. ஆறு மணிக்குப் பிறகு பெண் பிள்ளைகளை வெளியே விட யாருக்கும் மனமில்லை, ரியூசன் சேர் பின்னேர வகுப்பை நிறுத்திவிட்டார், பரீட்சை நாட்களில் அப்பாவும் மாமாவும் ஆளுக்கொரு பக்கமாக நடந்து மண்டப வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டார்கள். இரசாயனவியல் இரண்டாம் பத்திரத்துக்கு முதல் நாள் இரவு பக்கத்து வளவில் தகரம் தட்டிச் சத்தம் போட்டார்கள், விடியும் வரைக்கும் யாரும் படுக்கவில்லை. அப்படிப் போய் எழுதிய பத்திரம் அது.

நெற் கடையில் நாலு கொம்பியூட்டர். நாலிலும் பெடியன்கள். கடைக்கார காக்கா அவளைக் கண்டதும் ஒருவனை எழுப்பிவிட்டார்.

"இரி தங்கச்சி. நம்பரைச் சொல்லு, நான் அடிக்கன்."

"நானே அடிக்கிறேன் காக்கா."

ஏழு இலக்கம். அடித்துவிட்டு ஒவ்வொன்றாக அட்டையோடு ஒத்துப் பார்த்தாள். அமத்தினாள். வெள்ளைப் பக்கம். மேலே ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. காக்கா வந்து திரும்ப ஏற்றினார், திரும்பவும் வெள்ளை. பக்கத்தில் இருந்த பெடியன் தன் திரையில் எதையோ கண்டு கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு ஒன்றும் சொல்லாமல் வெளியே போனான். ஐந்தாவது தரமா ஆறாவது தரமா, பக்கம் மேலே இருந்து கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. முதலில் பெயர். பெயரில் ஓர் எழுத்துப் பிழை, அது முதல் தரத்திலிருந்தே இருக்கிற பிழை. பிறகு உயிரியல் ஏ. இரசாயனவியல் பி. பௌதிகவியல் பி. போன வருடம் இரண்டு பி, ஒரு சி. அதற்குக் கீழே இசட் புள்ளி, நாலு தசமத்தில். அதற்கும் கீழே District Rank என்று இருந்த இடத்துக்கு நேரே 17.

அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். திரை சூடாக இருந்தது.

போன வருடம் 61.

"பிரின்ட் எடுக்கட்டா?" என்று காக்கா கேட்டார். தலையாட்டினாள். மெசின் கிறுகிறு என்று இழுத்து ஈரத்தோடு தாளைத் துப்பியது. காசை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. "டொக்டரானப் பொறகு எங்கட உம்மாவப் பாரு, அது போதும்" என்றார்.

அப்பா வெளியே அதே மாதிரி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். இந்த முறை அவர் "எத்தனையாம்" என்றுகூடக் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"பதினேழப்பா."

அவர் சைக்கிளை ஸ்டாண்டில் விட்டார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டினார். பிறகு அவிழ்த்துவிட்டார். "பதினேழு" என்று ஒரு தரம் தனக்குள் சொல்லிப் பார்த்தார்.

திரும்பி வரும்போது பாதையில் ஊர்ச்சனம் நிறைய. "என்னகா, பாசா?" என்று பால்காரக் கிழவர் கேட்டார். அவள் வாய் திறக்கும் முன் அப்பா "பதினேழு" என்றார். ஆட்டுக் குட்டிக்காரன் கேட்டான், அவனுக்கும் "பதினேழு". கேட்காதவர்களுக்கும் சொன்னார். பாஸ் என்று அவர் யாருக்கும் சொல்லவில்லை, இலக்கத்தை மட்டுமே சொன்னார், மற்றதெல்லாம் அதற்குள் இருக்கிறது என்பது போல.

நடு வாவியில் தூறல் தொடங்கியது. ஒரு துளி தாளில் விழுந்து ஏழின் கால் பரவியது. தர்சினி சோலின் நுனியால் ஒற்றினாள், அது இன்னும் பரவியது. தாளைத் திருப்பி மடியில் வைத்தாள். கொப்பிக்குள் கிடந்த பென்சிலை எடுத்து, வெறும் பக்கத்தில், கொஞ்சம் அழுத்தி 17 என்று எழுதினாள்.

*

இனிக் கேள்வி. 2011-ஐ நேரில் கண்டவர்களுக்கு அந்த இலக்கம் நிற்கப்போவதில்லை என்று தெரியும். முதலில் வந்த மாவட்ட நிலைகளில் பிழை என்று திருத்தி வெளியிட்டார்கள், 2012 ஜூனில் உயர் நீதிமன்றம் இசட் புள்ளிக் கணக்கே செல்லாது என்றது. கதையில் இதில் ஒரு சொல்லும் இல்லை. தெரியாதவர்கள் இதைச் சந்தோஷமான கதை என்று வாசித்துவிட்டுப் போவார்கள். கடைசியில் ஒரு பந்தி சேர்க்கவா, இப்படியே விடவா?

---

கல்லாறு சுதன்:

அக்கா, கதை நல்லா இருக்கு, அப்பா சைக்கிளை ஸ்டாண்டில் விடுகிற இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனால் ஒன்று விளங்கவில்லை. கொக்கட்டிச்சோலையிலிருந்து வர இப்போது பாலம் இருக்கே, ஏன் பாதையில் வருகிறார்கள்?

இன்னொன்று, மட்டக்களப்பில் 17 என்றால் மெடிசின் உறுதி. எப்படித் திருத்தினாலும் ரெண்டு மூன்று நிலைதான் இறங்கும். இசட் புள்ளி என்பது புள்ளியை வேறு அளவில் எழுதுவதுதானே, புள்ளி கூடினால் அதுவும் கூடும். போன வருடத்தைவிட நல்லாச் செய்தவளுக்கு எப்படி அநியாயம் நடக்கும் என்று கதையை வாசிக்கிற ஒருவனுக்கு விளங்காது. அதனால் முடிவில் எதையும் சேர்க்காதீங்க, குழப்பம்தான் வரும்.

---

வாவிக்கரை:

சுதன் தம்பி, மண்முனைப் பாலம் திறந்தது 2014-இல். அதற்கு முன் எல்லோருக்கும் பாதைதான், ஆளையும் வாகனத்தையும் ஏற்றி வாவியைக் கடக்கிற மிதவைப் படகு. பாலம் வந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் "பாதை" என்ற சொல்லே ரோட்டைத்தான் குறிக்கும் போல. கதையில் "பாதை அக்கரையில் நின்றது" என்று தொடங்குவதால் வெளியூர்க்காரர் ஒரு வினாடி தடுமாறுவார்கள், ஆனால் அதை மாற்ற வேண்டாம். அடுத்த வரியில் ஆட்டுக் குட்டியும் மோட்டார் சைக்கிளும் ஏறக் காத்து நிற்கும்போது தானாக விளங்கிவிடும்.

எனக்கு உறுத்தியது வேறு. காக்கா காசு வாங்காத இடம். நடக்காத விசயம் இல்லை, நடக்கும். ஆனால் "டொக்டரானப் பொறகு" என்ற வசனம் கதைக்குத் தேவையானதை அவர் வாயில் போட்டு வாங்கினது மாதிரி இருக்கிறது. அவர் சும்மா காசை வாங்கிக்கொண்டு மிச்சச் சில்லறை தந்தால் என்ன?

---

கணித மாஸ்டர் (ஓய்வு), கல்முனை:

பிள்ளை, கதையை இரண்டு தரம் வாசித்தேன். நான் முப்பது வருடத்துக்கு மேல் உயர்தரத்துக்குக் கணிதம் படிப்பித்தவன், 2011-இல் என்னிடம் வந்து அழுத பிள்ளைகள் இரண்டு பக்கத்திலும் இருந்தார்கள். சுதன் சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதியிலிருந்து தொடங்குகிறேன்.

ஒரே வருடத்தில், ஒரே பாடத்தில், ஒரே பத்திரம் எழுதியவர்களுக்குள் புள்ளி கூடினால் இசட் புள்ளியும் கூடும், அது சரி. ஆனால் அது உங்கள் புள்ளியை மட்டும் பார்ப்பதில்லை. அந்தப் பாடத்தை எழுதிய எல்லோருடைய சராசரியிலிருந்து நீங்கள் எவ்வளவு தூரம் என்று பார்த்து, அந்தத் தூரத்தை எல்லோருடைய புள்ளிகளும் பரந்து கிடக்கிற அளவால் வகுக்கிறார்கள். மூன்று பாடத்துக்கும் அப்படி எடுத்துச் சராசரி கண்டால் வருவதுதான் திரையில் நாலு தசமத்தில் தெரிவது. ஆகவே போன வருடம் 58 எடுத்தவள் இந்த வருடம் 63 எடுத்தும் இசட் புள்ளி குறையலாம், பத்திரம் இலேசாக வந்து எல்லோரும் ஏறியிருந்தால்.

2011-இல் சிக்கல் அதற்கும் மேலே. அந்த வருடம் முதல் தரம் எழுதியவர்கள் புதிய பாடத்திட்டம். தர்சினி போல மீண்டும் எழுதியவர்கள் பழைய பாடத்திட்டம். பாடத்தின் பெயர் ஒன்று, பத்திரம் இரண்டு. அந்த இரண்டு கூட்டத்தையும் ஒன்றாகக் கலந்து கணக்கிட்டதுதான் வழக்குக்குப் போனது. இரண்டு வேறு பத்திரம் எழுதியவர்கள் இரண்டு வேறு கூட்டம், தனித்தனியாகக் கணக்கிட வேண்டும் என்றுதான் தீர்ப்பு வந்தது.

உண்மையான எண்கள் வேண்டாம், நான் வகுப்பில் கரும்பலகையில் போட்ட எண்களைத் தருகிறேன். பழைய பௌதிகப் பத்திரம் கடினம், சராசரி 30 என்று வையுங்கள். புதியது இலேசு, சராசரி 45. இரண்டிலும் பரம்பல் 15. இரண்டு பக்கமும் சம அளவு பிள்ளைகள். தர்சினி பழையதில் 60 எடுக்கிறாள். அவளுடைய கூட்டத்துக்குள் சராசரிக்கு 30 மேலே, 15-ஆல் வகுத்தால் 2. இப்போது இரண்டையும் கலந்துவிடுங்கள். சராசரி 37.5 ஆகிறது, பரம்பல் கிட்டத்தட்ட 16.8. அவளுடைய தூரம் 22.5, வகுத்தால் 1.34. புதியதில் 75 எடுத்த ஒரு பிள்ளையும் தன் கூட்டத்துக்குள் 2-தான். கலந்தால் அந்தப் பிள்ளைக்கு 2.23. இரண்டு பேரும் தங்கள் தங்கள் பத்திரத்தில் ஒரே திறமை காட்டியவர்கள், கலந்ததும் ஒருவர் எங்கோ மற்றவர் எங்கோ. பத்திரங்களின் கடினம் மாறி இருந்தால் இதே கணக்கு மற்றப் பக்கம் சாயும். பாடத்துக்குப் பாடம் மாறும்.

இதைக் கதைக்குள் போடச் சொல்லவில்லை. ஆனால் 61-இலிருந்து 17-க்கு வந்ததை அவளும் அப்பாவும் உழைப்பின் கூலி என்று நம்புகிறார்கள், அதில் எவ்வளவு உழைப்பு, எவ்வளவு கலப்புக் கணக்கு என்று அந்தக் காலையில் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதுதான் இந்தக் கதைக்குள் கிடக்கிற விசயம்.

---

சம்மாந்துறைக்காரி:

நான் அந்த 2011 புதிய பாடத்திட்டத்தில் முதல் தரம் எழுதினவள். இதை எழுதும்போதே கை நடுங்குது, இத்தனை வருசத்துக்குப் பிறகும்.

எங்கட வீட்டில டிசம்பரில நிலை வந்த அன்று வாப்பா ஆடு அறுத்தார். சொந்தக்காரர் எல்லாரும் வந்தார்கள். ஆறு மாசம் அந்த இலக்கத்தோட இருந்தேன். அப்புறம் தீர்ப்பு வந்தது, புதுக் கணக்கு வந்தது, என்ட இசட் புள்ளி இறங்கிப்போனது. நான் ஒரு எழுத்தும் கூடவோ குறையவோ எழுதவில்லை, என்ட விடைத்தாள் அதே விடைத்தாள்தான். வாப்பா அதைக் கடைசி வரைக்கும் விளங்கிக்கொள்ளவில்லை, "நீ என்னமோ மறைக்கிறாய்" என்றுதான் நினைத்தார். இப்ப நான் விஞ்ஞான ஆசிரியை, அதில் குறை ஒன்றும் இல்லை, ஆனால் மூன்றாம் தரப் பிள்ளைக்கு மட்டும்தான் அநியாயம் நடந்தது என்று நினைக்கிற மாதிரி ஒரு பந்தி சேர்த்தீங்க என்றால் அது எனக்குப் பொய்.

அதோட ஒன்று கேட்கிறேன். மூன்று தரம் எழுதினவர்களை ஒரு தனிக் கூட்டமாக எடுத்தால் அது சரியான கணக்கா? அவங்க ஏற்கனவே படிச்சதைத் திரும்பப் படிச்சவங்க. முதல் தரத்தில விட்டிட்டுப் போற பிள்ளைகள் அந்தக் கூட்டத்தில இல்லையே.

---

கணித மாஸ்டர் (ஓய்வு), கல்முனை:

மகள், நீங்கள் கேட்டது மிகச் சரியான கேள்வி, அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. தனித்தனியாகக் கணக்கிட்டால் இரண்டு கூட்டத்தின் சராசரிப் பிள்ளையும் சமம் என்று எடுத்துக்கொள்கிறோம். ஆனால் மீண்டும் எழுதுகிறவர்கள் சல்லடையில் ஒரு தரம் சலித்து வந்தவர்கள். நல்ல பெறுபேறு எடுத்தவர்கள் ஏற்கனவே பல்கலைக்கழகம் போய்விட்டார்கள், அடியில் இருந்தவர்கள் விட்டுவிட்டார்கள், நடுவில் நின்று இன்னும் கொஞ்சம் எட்டினால் போதும் என்று இருப்பவர்கள்தான் மிஞ்சுகிறார்கள். அந்தக் கூட்டத்துக்குள் ஒருவர் சராசரிக்கு மேலே வருவது இலேசில்லை. கலந்தால் பத்திரத்தின் கடினம் உள்ளே வந்து குழப்புகிறது. பிரித்தால் கூட்டத்தின் தரம் வெளியே போய்விடுகிறது. நீதிமன்றம் இரண்டாவதைத் தெரிவுசெய்தது. பத்திரம் இரண்டு என்பது கண்ணுக்குத் தெரிகிற விசயம், கூட்டத்தின் தரம் அப்படித் தெரியாது. நான் தீர்ப்போடு உடன்படுகிறவன், ஆனால் உங்கள் வாப்பாவிடம் வந்து அதை நியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

சுதனுக்கு, 17 என்றால் உறுதி என்பது பற்றி. மாவட்ட நிலை என்பது அந்த மாவட்டத்தில் உயிரியல் பிரிவில் நீங்கள் எத்தனையாவது என்பது மட்டும். இடம் கிடைப்பது வேறு கணக்கு. நூற்றுக்கு 40 இடம் முழுத் தீவுக்கும் திறமை அடிப்படையில், 55 மாவட்டங்களின் சனத்தொகைப்படி, 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கு, அந்தப் பட்டியலில் மட்டக்களப்பும் அம்பாறையும் உண்டு. உங்களுக்கு மேலே இருக்கிற 16 பேரில் திறமை அடிப்படையில் போகிறவர்கள் மாவட்ட இடத்தை எடுப்பதில்லை, ஆகவே சில வேளை நீங்கள் நினைப்பதைவிட நல்ல நிலையில் இருப்பீர்கள். வெட்டுப்புள்ளி வர மாதக் கணக்காகும். அது வரும் வரைக்கும் அந்த இலக்கத்தை வைத்து யாரும் ஒன்றும் உறுதி சொல்ல முடியாது.

---

அக்கரைப்பற்று அம்மா:

என்ட மகளும் மூன்றாம் தரம்தான் எழுதி இருக்கா. மாஸ்டர், பெறுபேறு வந்தால் மீள்திருத்தத்துக்குப் போடுறது நல்லதா? போன தரம் இரசாயனவியலில் சி வந்தது, பி வரும் என்று எதிர்பார்த்தவ. அந்த சி பி ஆனால் மாவட்ட நிலை மாறுமா? அதோட போன வருசம் அவவுக்கு ஒரு பாடநெறி கிடைச்சது, பதியாமல் விட்டிட்டா. அது பிழையா?

---

கணித மாஸ்டர் (ஓய்வு), கல்முனை:

தங்கச்சி, இது கதை பற்றின இழை, ஆனாலும் சொல்கிறேன். சி பி ஆவதை வைத்து யோசிக்காதீர்கள். இசட் புள்ளி பார்ப்பது எழுத்தை இல்லை, அதற்குப் பின்னால் இருக்கிற புள்ளியை. ஒரே பி-க்குள்ளேயே ஒன்பது புள்ளி வரை வித்தியாசம் இருக்கலாம். மீள்திருத்தத்தில் புள்ளி மாறினால் நிலையும் மாறும், எழுத்து மாறாவிட்டாலும்.

பதிவைப் பற்றி: பல்கலைக்கழகத்தில் ஒரு பாடநெறிக்குப் பதிந்துவிட்டால் அடுத்த வருடப் பெறுபேற்றை வைத்துத் திரும்ப விண்ணப்பிக்க முடியாது. அதனால்தான் பிள்ளைகள் கிடைத்ததை விட்டுவிட்டு மூன்றாம் தரத்துக்கு நிற்கிறார்கள். மகள் பதியாதது பிழை என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் மூன்று தரத்துக்கு மேல் கணக்கில் எடுக்கமாட்டார்கள், இந்தத் தரம் கிடைப்பதை விடாமல் பதியச் சொல்லுங்கள். விண்ணப்பக் கைநூலை அந்தந்த வருடம் வாங்கி நீங்களே ஒரு தரம் வாசியுங்கள், அடுத்த வீட்டுக்காரர் சொன்னதை நம்ப வேண்டாம்.

பிள்ளை மண்முனை மகள், இதைச் சொல்லும்போதுதான் ஞாபகம் வருகிறது. தர்சினிக்கு 2010-இல் 61 என்றால், அவளுக்கும் ஏதோ ஒரு பாடநெறி கிடைத்திருக்கும். அவள் எதை விட்டாள்? கதையில் இல்லை.

---

மண்முனை மகள்:

மாஸ்டர், அது முதல் பிரதியில் இருந்தது. வந்தாறுமூலையில் விவசாயம் கிடைத்து, கடிதம் வந்து, அம்மா பயண உடுப்புக்கூடத் தைத்துவிட்ட பிறகு அவள் போகவில்லை என்று எழுதியிருந்தேன். நீளமாகிவிட்டது என்று வெட்டினேன். இப்போது நீங்கள் கேட்டதும் அதுதான் முக்கியம் என்று தெரிகிறது. அந்த 17 அவளுக்கு இலவசமாக வரவில்லை, ஒரு கடிதத்தைக் கொடுத்து வாங்கினாள். பாதையில் பையைத் திறக்கும் இடத்தில் ஒரு வரியாகத் திரும்ப வைக்கிறேன்.

சம்மாந்துறைக்காரி, நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு நேற்று இரவு நான் கதையைத் தொடவே இல்லை. என்னோடு படித்த இரண்டு பேரில் ஒருத்திக்குப் புதுக் கணக்கில் கிடைத்தது, மற்றவளுக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தவளின் இடத்தில் யார் இருந்திருப்பார் என்று நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

---

சம்மாந்துறைக்காரி:

அதைக் கேட்டதே போதும் தங்கச்சி. நான் உங்கட கதையைக் குறை சொல்ல வரவில்லை. ஒரு யோசனை, பிடித்தால் எடுங்க. நெற் கடையில பக்கத்தில இருந்த பெடியன் ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போறான் இல்லையா? அந்த இடத்தில ஒரு பொம்பிளைப் பிள்ளை இருக்கட்டும். காத்தான்குடிக் கடைதானே, முதல் தரம் எழுதின ஒரு முஸ்லிம் பிள்ளை வாப்பாவோட வந்திருக்கலாம். அவளுக்கும் நல்ல நிலை வந்து சிரிக்கட்டும். இரண்டு பேரும் ஒருத்தர் தாளை ஒருத்தர் பார்க்கட்டும். அவ்வளவுதான். பிறகு நடந்ததை நீங்க சொல்லத் தேவையில்லை, தெரிஞ்சவங்களுக்கு அந்த ஒரு இடமே போதும்.

---

வாவிக்கரை:

இது நல்ல யோசனை, நான் எழுதியிருந்தால் உடனே எடுப்பேன். தர்சினி 17 என்றால் அந்தப் பிள்ளைக்கு 15 அல்லது 19 வரட்டும், பக்கத்துப் பக்கத்து இலக்கம். காக்காவின் டொக்டர் வசனத்தையும் அப்போது தூக்கிவிடலாம், அவர் இரண்டு பேருக்கும் தாள் எடுத்துக் கொடுத்து, இருவரிடமும் காசை வாங்கட்டும்.

முடிவில் பந்தி வேண்டாம் என்பது என் வாக்கு. பென்சிலோடு நிறுத்துங்கள்.

---

கல்லாறு சுதன்:

மாஸ்டர், கரும்பலகைக் கணக்கை நானே தாளில் போட்டுப் பார்த்தேன், 1.34 வந்தது. புள்ளி கூடினால் எல்லாம் கூடும் என்று நான் சொன்னது பிழைதான். ஆனால் அதனாலேயே எனக்கு முடிவில் ஒரு வரியாவது வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. என்னைப் போல 2011 தெரியாத ஆள் இந்தக் கதையை வாசித்தால் அவள் டொக்டர் ஆகிவிட்டாள் என்றுதான் நினைப்பான். நானும் நேற்று அப்படித்தான் நினைத்தேன். அது அவளுக்குச் செய்கிற அநியாயம் இல்லையா?

---

கணித மாஸ்டர் (ஓய்வு), கல்முனை:

சுதன் சொல்வதிலும் இருக்கிறது. கதையின் தலைப்புக்குக் கீழே "2011 டிசம்பர்" என்று மட்டும் போட்டால் என்ன? தெரிந்தவனுக்கு அது போதும், தெரியாதவன் ஏன் இந்தத் திகதி என்று தேடிப் போவான். வாவிக்கரைக்கும் பந்தி வராது.

---

மண்முனை மகள்:

திகதியைப் போடுகிறேன் மாஸ்டர். சுதன் தம்பிக்கு அது போதுமா தெரியவில்லை, எனக்கே முழுக்கத் தெரியவில்லை. இரண்டு பிள்ளைகளும் தாள் பார்க்கும் இடத்தை இன்று விடிய எழுதிப் பார்த்தேன். இவ்வளவுதான் வந்தது:

பக்கத்துக் கதிரையில் இருந்த பிள்ளை தன் தாளை இவள் பக்கம் திருப்பினாள். 19. முக்காட்டு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு சிரித்தாள். "எத்தினையாந் தரம்?" என்று கேட்டாள். "மூணு" என்றாள் தர்சினி. "எனக்கு முதல் தரம்" என்றாள் அந்தப் பிள்ளை, பிறகு ஏதோ பிழையாகச் சொல்லிவிட்டது போலத் தாளை மெல்ல மடித்துக்கொண்டாள். "ரெண்டு பேரும் ஒரே இடத்துக்குத்தான் வருவம்" என்று தர்சினி சொன்னாள். வெளியே இரண்டு அப்பாமாரும் மழைக்கு ஒரே தாழ்வாரத்தில் ஒதுங்கி, சைக்கிளைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டு நின்றார்கள்.